ஐந்து மாதமா, ஐந்து வருடமா: மறுக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டுக்கு எழுதிய ஒரு பக்க மேல்முறையீடு

எங்கள் ஊர் நுகர்வோர் சங்கத்தில் வாரம் இரண்டு நாள் மாலை உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு, புகார், மேல்முறையீடு எழுதிக் கொடுக்கிறேன். அதில் 2025-இல் வந்த ஒரு வழக்கின் பதிவு இது. ஆட்கள், மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் எதன் பெயரும் இதில் இல்லை. சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அப்போது 54 வயது. 2022 ஜூலையில் தனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரு தனியார் நிறுவனத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தார். வருடா வருடம் தவறாமல் புதுப்பித்தும் வந்தார். 2024 ஆகஸ்டில் காலில் பட்ட காயம் ஆறவில்லை என்று உள்ளூர் மருத்துவரிடம் போனபோதுதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மூன்று மாத சராசரி காட்டும் பரிசோதனையில் 7.4 வந்தது. மெட்ஃபார்மின் 500 எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மாத்திரை சாப்பிட்டு வந்தார்.

2025 ஜனவரி 11 இரவு நெஞ்சுவலி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, அடைப்பு நீக்கி ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நான்கு நாளில் வீடு திரும்பினார். பில் 2,41,600 ரூபாய். கேஷ்லெஸ் கேட்டதற்கு, ‘சர்க்கரை நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று உறுதிப்படுத்த வேண்டும்’ என்று சொல்லி நிறுவனம் மறுத்துவிட்டது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் க்ளைமே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, பில்லைக் கட்டிவிட்டுப் பிறகு பணம் கேட்கலாம். அப்படித்தான் பிப்ரவரியில் தாள்களை அனுப்பினார்கள்.

மார்ச் 6 அன்று மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் இரண்டு வரிதான். நோயாளிக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருப்பதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளது, பாலிசி எடுக்கும்போது விண்ணப்பத்தில் இதைச் சொல்லவில்லை, ஆகவே உண்மையை மறைத்ததாகக் கருதி க்ளைம் மறுக்கப்படுகிறது.

பாலிசிக்கு அப்போது வயது இரண்டரை வருடம். ஐந்து வருடம், அதாவது 60 மாதம் தொடர்ந்து ஓடிய பாலிசியில் மோசடியை நிரூபித்தாலொழிய ‘மறைத்தார்’ என்ற காரணத்தைக் காட்ட முடியாது என்று 2024-இலிருந்து விதி இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு இவருக்கு இன்னும் வரவில்லை. எனவே ‘ஐந்து வருடம்’ என்ற அந்த ஒரு சொல் உண்மையா இல்லையா என்பதுதான் முழு வழக்குமே.

முதல் கடிதம்

கடிதம் கிடைத்ததும் மகன் தானே உட்கார்ந்து ஒரு பதில் எழுதினார். தமிழில் நான்கு பக்கம். மார்ச் 12 அன்று மின்னஞ்சலில் அனுப்பினார். அதை நான் பிறகு படித்தேன். நல்ல கடிதம்தான். அப்பா எவ்வளவு நேர்மையாக வியாபாரம் செய்கிறார், அம்மாவின் நகையை எங்கே அடகு வைத்தோம், கேஷ்லெஸ் மேசையில் இருந்தவர் எப்படிப் பேசினார், பாலிசி எடுக்கும்போது முகவர் என்ன சொன்னார் என்று எல்லாம் இருந்தது. சர்க்கரை எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பது மூன்றாம் பக்கத்தின் நடுவில், ஒரே வாக்கியத்தில் இருந்தது: ‘அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகவே சுகர் இருந்தது உண்மைதான், அதற்காக அவர் எதையும் மறைக்கவில்லை.’

மார்ச் 27 பதிலை மகன் என்னிடம் காட்டியபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தது. மேசையில் இருந்தவர் நடந்துகொண்ட விதத்துக்கு வருத்தம் தெரிவித்திருந்தது. முகவர் பற்றிய புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்றிருந்தது. கேஷ்லெஸ் தாமதத்துக்கு ஒரு விளக்கம் இருந்தது. கடைசியில், நோய் நெடுநாளாக இருந்ததைத் தங்கள் கடிதமே ஒப்புக்கொள்கிறது, ஆகவே முந்தைய முடிவில் மாற்றமில்லை என்று முடிந்திருந்தது.

‘கொஞ்ச நாளாகவே’ என்று நாம் சொல்வது பத்து நாளாகவும் இருக்கலாம், பல மாதமாகவும் இருக்கலாம். மொழிபெயர்த்தவர் அதைக் கணிசமான காலம் என்று எடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அந்தச் சொல்லில் தேதி இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். நிறுவனம் பதில் சொன்ன நான்கு விஷயங்களில் மூன்று, வழக்குக்குத் தேவையே இல்லாதவை. மகன் எழுதியதால்தான் அவற்றுக்குப் பதில் சொல்ல வழி கிடைத்தது. ‘ஐந்து வருடம் என்பது தவறு’ என்று கடிதத்தில் எங்கும் நேராகச் சொல்லப்படவில்லை, அதனால் அதற்கு யாரும் பதில் சொல்லவும் இல்லை.

கேஸ் ஷீட்டில் கண்டது

ஏப்ரல் 5 அன்று தகப்பனும் மகனும் சங்கத்துக்கு வந்தார்கள். கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. ஐந்து வருடம் என்று யார் சொன்னது?

“நான் சொல்லவே இல்லை தம்பி. அஞ்சு மாசமா மாத்திரை சாப்பிடுறேன்னுதான் சொன்னேன்” என்றார் அண்ணாச்சி.

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது வீட்டுக்குப் போகும் நாளில் தட்டச்சு செய்து தருவது. சேர்க்கும்போது எழுதுவது வேறு, அது கேஸ் ஷீட்டில் இருக்கும். அதன் நகலைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு மருத்துவமனைக்கு நான்கு வரியில், தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதினோம். பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் மதுரைக்காரர், அங்கே ஆங்கிலம் தேவைப்படவில்லை. நகல் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் 38 பக்கம் கொடுத்தார்கள்.

ஏழாம் பக்கத்தில், இரவுப் பணி மருத்துவரின் கையெழுத்தில், சர்க்கரை நோய்க்கான சுருக்கெழுத்துக்குப் பக்கத்தில் 5/12 என்று எழுதியிருந்தது. மகனும் நானும் அதை டிசம்பர் ஐந்தாம் தேதி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டோம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் தாள்களைக் காட்டியபோது அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். மருத்துவர்கள் கால அளவை இப்படிச் சுருக்கி எழுதுவார்களாம். 5/7 என்றால் ஐந்து நாள், 5/52 என்றால் ஐந்து வாரம், 5/12 என்றால் ஐந்து மாதம். கீழே இருப்பது ஒரு வாரத்துக்கு எத்தனை நாள், வருடத்துக்கு எத்தனை வாரம், எத்தனை மாதம் என்ற எண். சம்மரி தட்டச்சு செய்தவர் மேலே இருந்த ஐந்தை மட்டும் எடுத்து, ‘வருடம்’ என்று சேர்த்திருக்கிறார்.

பதினோராம் பக்கம் அதைவிடத் தெளிவு. சேர்த்த அன்றைக்கு வார்டு செவிலியர் நிரப்பிய படிவத்தில், ஐந்து மாதம் என்று முழுச் சொல்லாகவே எழுதியிருந்தது.

இந்த இரண்டு பக்கத்துக்கும் ஒரு தனி மதிப்பு உண்டு. க்ளைம் மறுக்கப்பட்ட பிறகு மருத்துவரிடம் வாங்கித் தரும் சான்றிதழை நிறுவனங்கள் ‘பின்னால் யோசித்து வாங்கியது’ என்று ஒதுக்குவது வழக்கம். ஆனால் சேர்த்த அன்று இரவே, க்ளைம் பற்றி யாரும் நினைக்காத நேரத்தில் எழுதப்பட்டதை அப்படி ஒதுக்குவது கடினம். சிகிச்சை அளித்த மருத்துவரிடமும் விளக்கக் கடிதம் ஒன்று வாங்கினோம். பதிவு எண், கையெழுத்து, முத்திரையுடன் அது வர ஆறு நாளானது. ஆனால் அதைத் துணைச் சான்றாகத்தான் வைத்தோம்.

எந்த மொழியில் எழுதுவது

மகன் இந்த முறை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றார். “தமிழ்ல எழுதுனதாலதான் சார் மதிக்கல” என்பது அவர் எண்ணம். அண்ணாச்சிக்கு அதில் விருப்பமில்லை. “படிக்கத் தெரியாத தாள்ல கையெழுத்துப் போட்டுத்தான் தம்பி ஏற்கெனவே மாட்டிக்கிட்டேன்” என்றார். விண்ணப்பப் படிவத்தை முகவர் ஆங்கிலத்தில் நிரப்பி, இவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மதிப்பு, மரியாதை என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பார்த்தோம்.

முதலில், யார் படிக்கப் போகிறார்கள்? மறுப்புக் கடிதத்தின் கீழே குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரி இருந்தது. அது வேறு மாநிலத்தில் உள்ள தலைமை அலுவலகம். அங்கே க்ளைமை மறுபடி பார்ப்பவர்களில் மருத்துவரும் இருப்பார். தமிழ்க் கடிதம் அவர் கைக்குப் போகும் முன் யாரோ ஒருவர் சுருக்கி மொழிபெயர்ப்பார். அந்த மொழிபெயர்ப்பை நாம் பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. ‘கொஞ்ச நாளாகவே’வுக்கு நடந்தது மறுபடி நடக்கலாம்.

அடுத்து, கோப்பு எந்த மொழியில் இருக்கிறது? பாலிசி, கேஸ் ஷீட், சம்மரி, மறுப்புக் கடிதம் எல்லாமே ஆங்கிலம். வாதமோ ஒரு தாளில் உள்ள சொல்லுக்கும் இன்னொரு தாளில் உள்ள சொல்லுக்கும் இடையே உள்ள முரண். கடிதத்தில் இருக்கும் சொல்லும் இணைப்பில் இருக்கும் சொல்லும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருந்தால், படிப்பவர் தாளைப் புரட்டியதும் பிடித்துவிடுவார். தமிழில் எழுதினால் அந்த இடத்தில் ஒரு படி கூடுகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த ஆங்கிலத்தை நாம் தவறில்லாமல் எழுத முடியுமா? மகன் ஒரு வரைவு கொண்டு வந்திருந்தார். அதில் அப்பா சர்க்கரையால் ‘அவதிப்பட்டு வந்தார்’ என்ற பொருளில், தொடர்ந்து நடந்ததைக் காட்டும் வினைச்சொல்லில் ஒரு வாக்கியம் இருந்தது. எப்போது தொடங்கியது என்று இல்லை. தமிழில் செய்த அதே தவறை ஆங்கிலத்தில் செய்திருந்தார், அவ்வளவுதான். மொழி மாறினால் மட்டும் தெளிவு வந்துவிடுவதில்லை. தேதி வந்தால்தான் வரும்.

அதே வாரத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை தொடர்பாக ஒரு அம்மா வந்தார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுப்பதற்கு அவருக்கு முழுக்கத் தமிழில்தான் எழுதினேன். படிப்பவர்களும், குறிப்பு எழுதி அடுத்த மேசைக்கு அனுப்புபவர்களும் தமிழில்தான் வேலை செய்கிறார்கள். ரேஷன் அட்டையும் வருமானச் சான்றும் தமிழில் இருக்கின்றன. அதை ஆங்கிலத்தில் எழுதுவது அந்த அம்மாவுக்கும் அதிகாரிக்கும் நடுவில் வீணாக ஒரு சுவர் எழுப்புவதுதான்.

அண்ணாச்சி வழக்கில் முடிவு இப்படி: மேல்முறையீட்டுக் கடிதம் ஆங்கிலத்தில், ஒரு பக்கம். ஆனால் முதலில் தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆங்கிலம். அவருடைய சொந்த வாக்குமூலம் மட்டும் தமிழிலேயே, அவர் கையெழுத்துடன், இணைப்பாகப் போகும். அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பை நாமே சேர்த்துவிடுவோம். கடிதத்தின் அடியில், ‘இதன் பொருளைத் தமிழில் விளக்கினேன், புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்’ என்று மகன் தனியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். காப்பீட்டு விண்ணப்பப் படிவங்களிலேயே இப்படி ஒரு உறுதிமொழிக்கு இடம் உண்டு, அதனால் நிறுவனத்துக்கு இது புதிதல்ல. தமிழ்ப் பிரதி அண்ணாச்சியிடம் இருக்கும். இதைக் கேட்டதும் அவர் சம்மதித்தார்.

நான்கு பக்கம் ஒரு பக்கம் ஆனது

தமிழ் வரைவை இரண்டு மாலை எழுதினோம். ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கால அளவு வரும் இடமெல்லாம் தேதி அல்லது எண் இருக்க வேண்டும். கொஞ்ச நாள், ரொம்ப காலம், சமீபத்தில், அப்போதிலிருந்து போன்ற எதுவும் கூடாது. சொல்லிப் பார்க்கத்தான் இது எளிது. எழுதும்போது நம் பேச்சு முழுக்க அந்தச் சொற்களால்தான் நிறைந்திருக்கிறது என்று தெரிந்தது.

பொருள் வரியில் பாலிசி எண், க்ளைம் எண், மறுப்புக் கடிதத்தின் தேதி, ‘க்ளைமை மறுபரிசீலனை செய்யக் கோருதல்’ என்பவை மட்டும். ஆங்கிலத்தில் போன கடிதத்தின் உடலைத் தமிழ் வரைவிலிருந்து தருகிறேன்:

‘எனக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருந்ததாகவும் அதை மறைத்ததாகவும் கூறி 6-3-2025 அன்று க்ளைமை மறுத்தீர்கள். இது டிஸ்சார்ஜ் சம்மரியில் நேர்ந்த தட்டச்சுப் பிழை.

நான் சேர்க்கப்பட்ட 11-1-2025 இரவில் பணி மருத்துவர் எழுதிய குறிப்பில் 5/12, அதாவது ஐந்து மாதம் என்று உள்ளது (இணைப்பு 1). அன்றே செவிலியர் நிரப்பிய படிவத்திலும் ஐந்து மாதம் என்று உள்ளது (இணைப்பு 2). சிகிச்சை அளித்த மருத்துவர் இந்தப் பிழையை உறுதிப்படுத்தியுள்ளார் (இணைப்பு 3).

எனக்குச் சர்க்கரை நோய் முதலில் கண்டறியப்பட்டது ஆகஸ்ட் 2024-இல். அந்தப் பரிசோதனை அறிக்கையும் முதல் மருந்துச் சீட்டும் இணைப்பு 4, 5. பாலிசி தொடங்கியது ஜூலை 2022-இல். பாலிசி தொடங்கிய பின், பிப்ரவரி 2023-இல் கண்புரை அறுவைக்காக எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் 96, சாப்பிட்ட பின் 128 (இணைப்பு 6).

12-3-2025 மின்னஞ்சலில் குறிப்பிட்ட காலமும் ஆகஸ்ட் 2024-க்குப் பிந்தையதே.

க்ளைமை மறுபரிசீலனை செய்து 2,41,600 ரூபாயை வழங்கக் கோருகிறேன். ஏற்க இயலாவிடில், நோய் ஜூலை 2022-க்கு முன்பே இருந்தது என்பதற்குத் தாங்கள் நம்பும் ஆவணம் எது என்று எழுத்தில் தெரிவிக்கவும்.’

கண்புரை அறிக்கையை மகன் முதல் இடத்தில் வைக்கச் சொன்னார். அது எண்களோடு இருப்பதால் கனமாகத் தெரிந்தது. ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கும் ஒரு நாள் பரிசோதனையில் 96 வரலாம். மறுபரிசீலனை செய்யும் மருத்துவர் அதை உடனே சொல்லிவிடுவார். முன்னால் வைத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். 5/12-ஐயும் செவிலியர் படிவத்தையும் பார்த்த பிறகு படித்தால் அதே அறிக்கை வலு சேர்க்கிறது. அதனால் ஆறாவது இணைப்பாகப் போட்டோம்.

பழைய மின்னஞ்சலைப் பற்றிய வரி வேண்டுமா என்று நெடுநேரம் யோசித்தோம். விட்டுவிட்டால் ‘நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்’ என்பது கோப்பில் பதில் இல்லாமல் நிற்கும். விளக்கமாக எழுதினால் அதுவே ஒரு புதிய வாதமாகிவிடும். அதனால் ஒரே வரி.

கடைசி வாக்கியம் மிரட்டல் இல்லை. மறைத்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதைச் சட்டம் பேசாமல், ஒரு கேள்வியாக மட்டும் வைத்தோம். அவர்கள் மறுபடி மறுத்தால் அந்தக் கேள்விக்கான பதிலோ, பதில் இல்லாத வெற்றிடமோ அடுத்த கட்டத்தில் நமக்கு உதவும்.

வெளியே போனவற்றில் மகனுக்கு மிகவும் வலித்தது நகை அடகு வைத்த வரி. “அம்மா கழுத்துல இப்ப மஞ்சக் கயிறு மட்டும்தான் சார் இருக்கு. அதைச் சொல்ல வேண்டாமா?” என்று கேட்டார். எனக்கும் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. அது உண்மை, அந்த வீட்டில் அதைவிடப் பெரிய உண்மை வேறு இல்லை. ஆனால் மறுபரிசீலனை செய்பவர் தீர்மானிக்க வேண்டியது ஐந்து மாதமா, ஐந்து வருடமா என்பதை மட்டும்தான், நகை அதற்குச் சான்றாகாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவரே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். முகவர் பற்றிய வரியை எடுத்ததற்குக் காரணம் வேறு. விண்ணப்பப் படிவத்தை யார் நிரப்பினார்கள் என்ற பேச்சைத் தொடங்கினால், படிவத்தில் ஏதோ தவறு இருப்பதாக நாமே சொல்வது போல் ஆகிவிடும். சர்க்கரை அப்போது இல்லாததால், ‘இல்லை’ என்று படிவத்தில் இருந்த பதில் சரியானதுதான்.

அனுப்பிய பின்

ஏப்ரல் 21 அன்று குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்பினோம். ஏழாம் பக்கத்தில் 5/12 இருக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு நகலெடுத்தோம். மகன் எல்லா இணைப்பையும் ஒரே கோப்பாக்கி, எண் வரிசையில் அடுக்கினார்.

ஏப்ரல் 29 அன்று ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் மருந்துச் சீட்டின் மூலப்பிரதியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்றே வரி. மூலப்பிரதியைக் கையை விட்டு அனுப்பாமல், நிறுவனத்தின் மதுரைக் கிளையில் நேரில் காட்டி, சரிபார்த்ததாக நகலில் முத்திரை வாங்கினோம். அன்றே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முதல் கடிதத்துக்குப் பதில் தந்தவர்கள் எந்தத் தாளையும் கேட்கவில்லை. இந்த முறை வாதத்தின் உள்ளே வந்து கேட்கிறார்கள்.

மே 9 அன்று க்ளைம் மறுபடி திறக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. மே 14 அன்று 2,22,180 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற பாலிசியில் சேராத செலவுகளைக் கழித்திருந்தார்கள். அந்தப் பட்டியலைச் சரிபார்த்தோம், அதில் தவறு இல்லை.

மறுத்திருந்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்போம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, நிறுவனத்தின் இறுதிப் பதிலிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே ஒரு பக்கத்தைத்தான் அங்கேயும் கொடுக்க நினைத்திருந்தோம். நேரில் விசாரணை என்று வந்தால் அண்ணாச்சி தமிழில் பேசுவார், தாள்கள் ஆங்கிலத்தில் பேசும் என்று முடிவு செய்து வைத்திருந்தோம்.

இப்போது வேறு விதமாகச் செய்வது

கேஸ் ஷீட் நகலை மேல்முறையீட்டின்போது கேட்காமல், நிறுவனம் கேஷ்லெஸ் கட்டத்தில் ‘எவ்வளவு காலமாக’ என்று கேட்ட உடனேயே கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி வந்ததே ஒரு எச்சரிக்கை. ஜனவரியிலேயே ஏழாம் பக்கம் கையில் இருந்திருந்தால் மறுப்பே வந்திருக்காது என்று நினைக்கிறேன். இப்போது எங்களிடம் வருகிறவர்களிடம், டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் பில்லைப் பார்ப்பதற்கு முன் ‘எவ்வளவு காலமாக’ என்ற வரியைப் படிக்கச் சொல்கிறேன். ஆங்கிலம் தெரியாதவர்கள் அங்கேயே செவிலியரிடம் அந்த ஒரு வரியை மட்டும் படித்துச் சொல்லக் கேட்கலாம்.

மகனுடைய முதல் கடிதம் போகும் முன் எங்களிடம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கோபத்தோடு வீட்டில் எழுதும் அந்த நான்கு பக்கத்தை யாரும் எழுதாமல் இருக்க மாட்டார்கள். அதனால் இப்போது வேறொன்று செய்கிறேன். நான்கு பக்கத்தையும் எழுதி வரச் சொல்கிறேன். அதை அனுப்பாமல், அதிலிருந்து தேதிகளை மட்டும் அடிக்கோடிட்டு எடுக்கிறோம். அண்ணாச்சி வழக்கில் அப்படி எடுத்திருந்தால் நான்கு பக்கத்தில் கிடைத்திருப்பது இரண்டே தேதிதான், நோய் தெரிந்த தேதி அதில் இருந்திருக்காது.

விளக்கக் கடிதத்தோடு நின்றதும் எங்கள் தவறு. பணம் வந்த மகிழ்ச்சியில் சம்மரியை அப்படியே விட்டுவிட்டோம். ஜூன் மாதம், பாலிசி புதுப்பிக்கும் நேரத்தில், அந்த ‘ஐந்து வருடம்’ மருத்துவமனைக் கோப்பில் இன்னும் இருக்கிறது, அடுத்த தடவை வேறொருவர் அதைத்தான் எடுத்து வைப்பார் என்பது மகனுக்குத்தான் தோன்றியது. மறுபடி மதுரைக்குப் போனார். இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை திருத்திய சம்மரியைத் தேதி, முத்திரையுடன் கொடுத்தார்கள். அதை வாசலிலேயே நின்று வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் பேருந்து ஏறினாராம்.